ஆலப்புழையில் ஒரு குப்பை ஓட்டம்

ஆலப்புழையில் குழி வெட்டி உரம் போட முடியாது. அரபிக்கடலுக்கும் வேம்பநாட்டுக் காயலுக்கும் நடுவே மணல் பட்டையாகக் கிடக்கிற ஊர் அது. இரண்டு மூன்று அடி தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும். மழைக்காலத்தில் அவ்வளவுகூட வேண்டாம். நம்மூரில் என்றால் கொல்லைக் கோடியில் ஒரு எருக்குழி, அதில் கொட்டி மண்ணைத் தள்ளி மூடினால் மறந்துவிடலாம். அங்கே அந்த வசதி இல்லை. குப்பை தரைக்கு மேலேதான் நின்றாக வேண்டும், ஊரார் கண்ணிலும் மூக்கிலும் பட்டபடி.

அந்த ஊர் இதை ஒருநாளில் உணர்ந்ததல்ல. நகரத்துக் குப்பை முழுவதும் பல வருடங்களாக வடக்கே சர்வோதயபுரம் என்ற இடத்தில் போய்க் குவிந்துகொண்டிருந்தது. 2012இல் அங்கே குடியிருந்தவர்கள் லாரிகளை மறித்தார்கள். லாரி நின்றதும் குப்பை தெருவில் நின்றது. உல்லாசப் படகுகளுக்குப் பெயர்போன ஊரின் கால்வாய்கள் நாறின. அப்போது ஆலப்புழைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் தாமஸ் ஐசக். அந்த வருட நவம்பரில் நகராட்சியோடு சேர்ந்து ‘நிர்மல பவனம், நிர்மல நகரம்’ என்ற திட்டம் தொடங்கியது. மக்கும் குப்பையை வண்டியில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்புவதில்லை, வீட்டிலோ வீட்டுக்குப் பக்கத்திலோ முடித்துக்கொள்வது என்பதுதான் சுருக்கம். வீடுகளில் உயிரி எரிவாயுக் கலன், குழாய் உரம். அதற்கு இடமில்லாதவர்களுக்குத் தெருவோரக் காற்றோட்டப் பெட்டிகள். 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கழிவு மேலாண்மையில் முன்மாதிரி என்று ஒசாகா, லுப்லியானா, பினாங்கு போன்ற நகரங்களோடு ஆலப்புழையின் பெயரையும் சொன்னது.

நான் போனது அந்தப் பெட்டிகளைப் பார்க்கத்தான். பிப்ரவரி மாதம். சென்னையிலிருந்து இரவு ரயில். எர்ணாகுளத்தைத் தாண்டியதும் தண்டவாளத்துக்கு இருபுறமும் தென்னையும் தண்ணீரும் மாறி மாறி வந்தன. ஊருக்குள் கால்வாய்க் கரையோரம் நடந்தால், தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக நாலடிக்கு நாலடிப் பெட்டிகள். சுவரில் விரல் நுழைகிற இடைவெளிகள். திருச்சூர் மாவட்டத்தில், அதிரப்பள்ளி போகிற வழியில் தும்பூர்முழி என்ற இடம் உண்டு. அங்கே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பண்ணையில் உருவான முறை என்பதால் தும்பூர்முழிப் பெட்டி என்றே இதைச் சொல்கிறார்கள். அடியில் ஆறு அங்குலம் பச்சைச் சாணி, மேலே ஆறு அங்குலம் சருகு, அதற்கு மேல் குப்பை, மறுபடி சாணி, சருகு, குப்பை. கிளறவே வேண்டாம். இடைவெளி வழியாகக் காற்று உள்ளே போகும். நுண்ணுயிர் வேலை செய்யச் செய்ய உள்ளே 70 டிகிரிவரை சூடேறும். பெட்டி நிறைந்து 90 நாள் விட்டால் உரம்.

நின்று மோந்து பார்த்தேன். நாற்றம் இல்லை. பெட்டியைக் கவனித்துக்கொண்டிருந்த சேச்சியிடம் அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “பெட்டி நாறாது சாரே. பிரிக்காம கொண்டுவந்து போடற ஆளுங்கதான் நாறவைக்கிறது.” பிறகு அவர்தான் சொன்னார், நகரத்துக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இங்கே வந்து பார்த்துவிட்டுப்போய்த் தாங்களே ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள் என்று. “ஓட்டப் பந்தயம் வெச்சு ஆரம்பிச்சது. போய்ப் பாருங்க.”

மறுநாள் பேருந்து பிடித்துப் போனேன். ஐந்திலிருந்து ஏழாம் வகுப்புவரை, 140 பிள்ளைகள். மாமரமும் பலாவும் சூழ்ந்த மணல் மைதானம். இதையெல்லாம் தொடங்கிவைத்த அறிவியல் டீச்சர் பாலக்காட்டுக்காரர். தமிழ் தடையில்லாமல் வந்தது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல் ஓட்டம் நடக்கும் என்றார். அன்று அந்த வெள்ளிதான்.

நாலு அணி, அணிக்கு எட்டுப் பேர். ஒரு முனையில் அணிக்கு நாலு கூடைகள்: சமையல் எச்சத்துக்குப் பச்சை, சருகுக்கும் அதைப் போன்ற உலர்ந்த பொருளுக்கும் பழுப்பு, கழுவிக் காயவைத்து ஹரித கர்ம சேனையிடம் கொடுக்க வேண்டிய பிளாஸ்டிக்குக்கும் காகிதத்துக்கும் நீலம், பேட்டரி, பிளேடு வகைக்குச் சிவப்பு. ஹரித கர்ம சேனை என்பது வீடுவீடாக வந்து உலர் கழிவு வாங்கிப் போகும் பெண்கள் குழு. மறுமுனையில், சுமார் 15 மீட்டர் தள்ளி, அணிக்கு ஒரு குவியல். குவியலில் 24 பொருள். அதில் பாதிக்கு மேல் அன்றைய மதியச் சாப்பாட்டின் மிச்சம்: வாழைப்பழத் தோல், முட்டை ஓடு, பீன்ஸ் நார், எண்ணெய்க் கறை பட்ட காகிதம். மீதி வகுப்பறைக் கூடையிலிருந்து வந்தவை: பென்சில் சீவல், பிஸ்கட் உறை, மை தீர்ந்த பேனா.

விதி மூன்று. ஒரு முறைக்கு ஒரு பொருள்தான் எடுக்க வேண்டும். அழுக்கான பால் பாக்கெட் கையில் வந்தால் பாதி வழியில் உள்ள வாளியில் அலசி, கொடியில் கிளிப் போட்டு மாட்டிவிட்டுத்தான் அடுத்தவர் கையைத் தட்ட வேண்டும். மூன்றாவது விதியில்தான் விளையாட்டின் உயிர் இருக்கிறது. எல்லாம் முடிந்ததும் கூடைகளைக் கவிழ்ப்பார்கள். தவறாகப் போட்ட ஒவ்வொரு பொருளையும், போட்ட பிள்ளையே குவியலுக்குத் திரும்பக் கொண்டுபோய் வைத்து, மறுபடி எடுத்து வந்து சரியான கூடையில் போட்டால்தான் அந்த அணி முடித்ததாகக் கணக்கு.

விசில் ஊதியதும் ஒரு அணி புயலாக முன்னே போனது. முதலில் முடித்துக் கூச்சலும் போட்டது. கவிழ்த்தபோது பச்சைக் கூடையிலிருந்து இரண்டு காகித டம்ளர், ஒரு தேங்காய்ச் சிரட்டை, கழுவாத தயிர்ப் பாக்கெட். திரும்ப நாலு ஓட்டம். நிதானமாக வந்த அணி ஒரே ஒரு தவறோடு ஜெயித்தது. மதிப்பெண்ணைக் கழித்திருந்தால் தாளில் ஒரு எண் குறைந்திருக்கும், அவ்வளவுதான். இங்கே தவறு காலுக்குத் தெரிகிறது. தரம் பிரிக்காத குப்பையை யாரோ ஒருவர் திரும்பத் தொட்டுத்தான் பிரிக்க வேண்டும் என்பதைப் பாடமாக நடத்த வேண்டிய அவசியமே இல்லை.

சண்டை வந்த இடங்கள்தான் எனக்குப் பிடித்தவை. காகித டம்ளர் காகிதம்தானே என்று ஒரு சிறுமி வாதாடினாள். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீரில் முன்பே ஊறப்போட்டிருந்த டம்ளர் ஒன்றை நீட்டினார். அவளே உரித்தாள், காகிதம் கூழாக வழிய, உள்ளே இருந்த மெல்லிய பிளாஸ்டிக் தோல் முழுசாகக் கையில் வந்தது. சிரட்டைக்கு வேறு வாதம்.

“சிரட்டை மக்காதா?” என்றார் டீச்சர்.

“மக்கும் டீச்சர்,” என்றான் ஏழாம் வகுப்புப் பையன். “நாங்க காலேஜ் போன பிறகு.”

சிரட்டை சமையல் சேச்சியின் அடுப்புக்குப் போனது.

இவ்வளவு துடிப்பான விளையாட்டு முதலில் படுதோல்வி என்றார் டீச்சர், கூடைகளை அடுக்கிக்கொண்டே. முந்தைய கல்வியாண்டில் ஓணம் விடுமுறை முடிந்ததும் ஆரம்பித்தார். அப்போது குவியலில் இருந்தவை படம் ஒட்டிய அட்டைகள். வாழைப்பழத் தோல் படம், பாட்டில் படம். மூன்று வாரத்தில் எல்லாருக்கும் எல்லாம் மனப்பாடம். அதே பிள்ளைகள் மதியம் சாப்பிட்ட கையோடு தட்டு மிச்சத்தையும் மிட்டாய்க் காகிதத்தையும் ஒரே தொட்டியில் தட்டிவிட்டுப் போனார்கள். அட்டைக்கு ஈரம் கிடையாது, வாசனை கிடையாது, பாதிச் சோறு ஒட்டிய பாக்கெட் என்ற குழப்பமும் கிடையாது. பிள்ளைகள் கற்றுக்கொண்டது அட்டை பிரிக்க.

அதனால் நிஜக் குப்பையை இறக்கினார். கையுறை, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவல்; பிளேடு, உடைந்த கண்ணாடி, மருந்துப் பொருள் எதையும் நிஜமாக வைப்பதில்லை, அவற்றுக்கு மட்டும் இன்றும் அட்டைதான். முதல் நிஜ ஓட்டம் முடிந்தபோது நாலு பச்சைக் கூடைகள் நிறைந்து நின்றன. உதவியாளர் அவற்றைத் தூக்கிப்போய்ச் சமையலறைக்குப் பின்னால் வழக்கமான கலப்புக் குவியலில் கொட்டினார். பார்த்துக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாளாம்: “இதுக்கா டீச்சர் ஓடினோம்?”

டீச்சரிடம் பதில் தயாராக இருந்தது, ஆனால் சொல்லவில்லை. “அப்ப எங்கே போடணும், நீங்க கண்டுபிடிங்க” என்று விட்டுவிட்டார். விளையாட்டை வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுகிற நொடி இது. கூடை நிறைந்ததும் கைதட்டிச் சான்றிதழ் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கேள்வி பிறக்கவேண்டிய இடத்தில் பரிசு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பிள்ளைகள் கால்வாய்க்கரைப் பெட்டியைப் போய்ப் பார்த்தது அதற்குப் பிறகுதான். திரும்பிவந்து ஒரு வாரம் சமையலறைத் தராசில் எடை போட்டார்கள். காய்கறிக் கழிவும் தட்டு மிச்சமும் சேர்ந்து நாளுக்கு ஏறக்குறைய 6 கிலோ. பாதிக்கு மேல் சோறு. அந்தக் கணக்கைக் கேட்ட சமையல் சேச்சி முதலில் வருத்தப்பட்டார். அடுத்த வாரத்திலிருந்து முதல் முறை குறைவாகப் பரிமாறி, கேட்டால் மறுபடி போட்டார். 6 கிலோ 4 கிலோ ஆயிற்று. பெட்டி வருவதற்கு முன்பே குப்பையில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

பெட்டிக்கும் அளவு முக்கியம். நகராட்சியின் நாலடிப் பெட்டி பல வீட்டுக் குப்பைக்கானது; 4 கிலோவைக் கொண்டுபோய் அதில் போட்டால் தரையோடு பரவிக்கிடக்கும், சூடு பிடிக்காது. மிகச் சிறிய தொட்டியென்றால் உண்டாகும் சூடு உடனே வெளியே ஓடிவிடும். மூன்றடிக்கு மூன்றடிக்கு மூன்றடி என்பது சூடு தங்கக்கூடிய குறைந்தபட்சம். பெற்றோர் சங்கம் செங்கல்லால் இரண்டு கட்டிக்கொடுத்தது: செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளி விட்டு, எலி நுழையாதபடி உள்ளே இரும்பு வலை, மேலே மூடி, கூரை. தரையில் நேராக வைக்காமல் ஒரு சாண் மேடை எழுப்பி அதன்மேல். பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் சாணி தந்தார். நிறையும்வரை ஒன்று, அது 90 நாள் உறங்கும்போது மற்றொன்று.

மூன்றாவது வாரம் நாறியது. ஒளிக்காமல் சொன்னார் டீச்சர். பெட்டியின் அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தது, புளித்த வாடை வகுப்பறைவரை வந்தது, மூடியைத் திறந்தால் சாம்பல் நிறப் புழு நெளிந்தது. ஒரு பெற்றோர் புகார் சொல்ல, இழுத்து மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. டீச்சர் ஒரு வாரம் அவகாசம் கேட்டார். பிள்ளைகளைப் பெட்டியைச் சுற்றி நிற்கவைத்து, கையுறையோடு ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியச் சொன்னார். விரலிடுக்கில் தண்ணீர் தாரையாக ஊற்றியது. ஓரிரு சொட்டு எட்டிப்பார்த்தால் சரியான ஈரம், ஒழுகினால் அதிகம், கையைத் திறந்ததும் உதிர்ந்தால் வறட்சி. ஒழுகுகிற அளவு ஈரமானால் சோறு களியாக இறுகிவிடும். காற்றுப் புக வழி இல்லை. காற்றில்லாத இடத்தில் வாழும் வேறு வகை நுண்ணுயிர் பெருகி அமிலத்தைக் கக்கும். அதுதான் அந்தப் புளித்த வாடை.

காரணம் சாம்பார். தட்டில் மிஞ்சிய குழம்போடு சோற்றை அப்படியே கொட்டியிருக்கிறார்கள். சருகும் ஒரு வாளி குப்பைக்கு ஒரு வாளிதான் போட்டிருக்கிறார்கள். அன்றே இரண்டு மாற்றம். மிச்சத்தை ஓட்டை போட்ட வாளியில் கால்மணி நேரம் வடியவிட வேண்டும். ஒரு வாளி குப்பைக்கு இரண்டு வாளி சருகு. கெட்டியாகிப்போன பாகத்தை மட்டும் முள்கரண்டியால் கிளறிச் சருகைத் திணித்தார்கள். இந்த முறையில் கிளறுவது வழக்கமில்லை; நோய் வந்தால் மருந்து மாதிரி ஒரு தடவை. நாலாம் நாள் வாடை போனது. புழுவை மட்டும் எடுக்கவில்லை. அது குளவியைப் போலத் தோன்றும் ஒரு கறுப்பு ஈயின் புழு, குப்பையைத் தின்று வேலையைச் சுருக்குமே தவிர யாரையும் ஒன்றும் செய்யாது. சூடு ஏறியதும் தானாக ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது.

சூடு ஏறியது எப்படித் தெரியும்? பெட்டியின் நடுவில் ஒரு இரும்புக் கம்பி எப்போதும் செருகியிருக்கிறது. உருவி, புதைந்திருந்த முனையைப் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டதும் கையை இழுத்துக்கொண்டால் உள்ளே நன்றாக வேகிறது. வெதுவெதுப்பு என்றால் பரவாயில்லை. சில்லென்று இருந்தால் ஈரமோ சருகோ பிசகியிருக்கிறது. கம்பி என்ன சொன்னது என்று ஒரு நோட்டில் தினமும் எழுதுகிறார்கள். நான் புரட்டிப் பார்த்தேன். சூடு, சூடு, வெதுவெதுப்பு, சூடு. திங்கட்கிழமைகளில் பெரும்பாலும் வெதுவெதுப்பு. சனி ஞாயிறு தீனி இல்லை.

அன்று ஓட்டத்துக்கு முன்பு, மதிய மணி அடித்ததும் பெட்டி வேலையை நேரில் பார்த்திருந்தேன். தினமும் நடப்பது இதுதான், பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. நாலு பேர். ஒருத்தி வடித்த வாளியைக் கொண்டுவந்து கொட்டிப் பரப்பினாள். ஒருவன் சருகை அளந்து கொட்டினான். குப்பை கண்ணுக்கே தெரியக்கூடாது, தெரிந்தால் ஈ வரும். மூன்றாமவன் கம்பி. நாலாமவள் நோட்டு. திங்கட்கிழமை மட்டும் ஒரு குவளை சாணிக்கரைசல் கூடுதல். வெள்ளிக்கிழமை அடுத்த வாரத்து நாலு பேர் வந்து நிற்க, பழைய அணி ஒரு பிடி அள்ளி அவர்கள் கையில் வைத்துப் பிழியச் சொல்லி, கம்பியைக் கொடுத்துவிட்டுப் போகிறது. ஓட்டத்தில் இருந்த அதே அணிகளிலிருந்துதான் இந்த நாலு பேரும் வருகிறார்கள். அடுத்தவர் கையைத் தட்டாமல் நகரக்கூடாது என்ற விதி மட்டும் மைதானத்திலிருந்து பெட்டிக்கு இடம் மாறியிருக்கிறது. பொறுப்பாசிரியர் விடுப்பில் போனாலும் நிற்காமல் நடப்பதற்கு இதுதான் காரணம் என்று எனக்குப் பட்டது. சுற்றுச்சூழல் மன்றம், தலைவர், செயலாளர் என்று அமைத்திருந்தால் இரண்டு பிள்ளைகள் செய்ய 138 பேர் வேடிக்கை பார்த்திருப்பார்கள்.

தீராத சிக்கலும் உண்டு. வீட்டிலிருந்து வருகிற சாப்பாட்டில் மீன் இருக்கும். ஆலப்புழையில் மீன் இல்லாமல் எப்படி? தும்பூர்முழிப் பெட்டி மீனையும் இறைச்சியையும் ஏற்கும், அவற்றையும் மனதில் வைத்து வந்த முறைதான் அது. ஆனால் அதற்கு நல்ல சூடும் தாராளமான சாணியும் வேண்டும். 4 கிலோப் பெட்டியில் முள்ளைப் போட்டபோது பூனைகள் மூடியைத் தள்ளின. இப்போதைக்கு முள் வீட்டுக்கே திரும்பிப் போகிறது. பிள்ளைகளுக்கு அதில் திருப்தி இல்லை.

முதல் பெட்டி போன வருடம் பிப்ரவரி கடைசியில் நிறைந்தது. மார்ச்சில் இரண்டாவது தொடங்கியது. ஏப்ரல், மே விடுமுறை முழுக்க முதல் பெட்டி தன் பாட்டுக்கு வெந்து ஆறி, ஜூனில் பள்ளி திறந்தபோது தயாராக இருந்தது. விளிம்புவரை நின்றது மூன்றில் ஒரு பங்காக இறங்கியிருந்தது. உடனே செடிக்குப் போடவில்லை. ஒரு சட்டியில் உரமும் மண்ணும் கலந்து பத்துப் பயறு, இன்னொன்றில் வெறும் மண்ணில் பத்துப் பயறு ஊன்றினார்கள். உரம் முழுதாக முதிராவிட்டால் அந்தச் சட்டியில் முளைப்பு குறையும். ஒன்பதும் ஒன்பதுமாக முளைத்தது. இப்போது சமையலறைக்குப் பின்னால், முன்பு கலப்புக் குவியல் இருந்த இடத்தில், கோணிப்பைகளில் வெண்டையும் பயறும் நிற்கின்றன.

நான் கிளம்பும்போது மைதானம் முழுக்கப் பிள்ளைகள் சாக்கில் சருகு அள்ளிக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரி, மார்ச்சில்தான் மாவும் பலாவும் கொட்டும். ஜூனில் இடவப்பாதி மழை இறங்கினால் ஊரில் காய்ந்த இலை ஒன்றுகூடக் கிடைக்காது. முதல் மழைக்காலத்தில் சருகு தீர்ந்து, கயிற்றுத் தொழிற்கூடங்களில் கிடைக்கும் தென்னை நார்க்கழிவைப் போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். அது நீரை நன்றாக இழுக்கும். ஆனால் மக்க ரொம்ப நாளாகும்; உரத்திலேயே பாதி நார்க்கழிவாகக் கிடந்ததாம். இந்த வருடம் 30 சாக்கு என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். கொட்டகையில் நான் எண்ணியபோது 22 இருந்தது.

உங்கள் பள்ளியில் இதைச் செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வண்ணக் கூடைகள் பிறகு வாங்கிக்கொள்ளலாம். இலையுதிர்கிற மாதங்களில் சருகை எரிக்காமல், மழை படாத ஒரு மூலையில் சாக்கில் கட்டி வையுங்கள். மதியச் சாப்பாட்டு மிச்சத்தை ஒரு வாரம் எடை போடுங்கள். அதன் பிறகு விசில் ஊதலாம்.